குழந்தைக்கு உயர் ரத்த அழுத்தம்: எனாலாப்ரிலா, அம்லோடிபினா? எடைப்படி தொடக்க அளவும் சிறுநீரகப் பரிசோதனையும்

குழந்தைக்கு பி.பி. மாத்திரை தொடங்கும்போது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் எழுதப்படுகிறது. இரண்டுமே பழைய மருந்துகள். எடையைப் பெருக்கி அளவைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. தவறு நடக்கும் இடங்கள் வேறு: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்குவது, தொடங்கிய பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுவது, வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. இந்த வழிகாட்டி அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

இதில் உள்ள கணக்குகள் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் சரிபார்த்துக்கொள்ளவும், பெற்றோர் தங்கள் குழந்தைக்கு என்ன, ஏன் கொடுக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ளவும் எழுதப்பட்டவை. பெற்றோர் தாங்களாகவே மருந்தைத் தொடங்கவோ கூட்டவோ வேண்டாம். குழந்தைக்குக் கடும் தலைவலி, தொடர் வாந்தி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு இவற்றில் ஏதேனும் உயர் அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால் அது அவசர நிலை. அங்கே இந்த மாத்திரைகளுக்கு வேலை இல்லை. மருத்துவமனையில் நரம்பு வழி மருந்தால், படிப்படியாக, முதல் எட்டு மணி நேரத்தில் குறைக்க வேண்டிய அளவில் கால் பங்குக்கு மேல் இறங்காமல் அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

முதலில், அந்த எண் உண்மையா?

குழந்தைகளிடம் தப்பான பி.பி.க்கு முதல் காரணம் சின்ன கைப்பட்டை. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை, மேல்கையின் சுற்றளவில் குறைந்தது 40 சதவீத அகலமும், 80 முதல் 100 சதவீத நீளமும் இருக்க வேண்டும். சிறியதைக் கட்டினால் எண் பொய்யாக ஏறும். குழந்தை மூன்று முதல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, வலது கையில், இதய உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வலது கை என்பதற்குக் காரணம் உண்டு. மகாதமனி குறுகிய குழந்தைக்கு இடது கையில் எண் குறைந்து காட்டலாம். அதே காரணத்தால் ஒரு முறையாவது காலிலும் பி.பி. பார்த்து, தொடை நாடியைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். கால் எண் கையைவிடக் கூடுதலாக இருப்பதே இயல்பு. குறைந்திருந்தால் இதய நிபுணரிடம் போக வேண்டிய குழந்தை அது.

13 வயதுக்குக் கீழே, வயது, பாலினம், உயரம் மூன்றும் சேர்ந்த அட்டவணையில் 95-ஆம் சதமானத்தை மூன்று தனித்தனி வருகைகளில் தொட்டால்தான் உயர் அழுத்தம் என்று பெயர். 13 வயதும் அதற்கு மேலும் என்றால் 130/80 என்ற ஒரே கோடு. எல்லாருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை. உடல் பருமன் மட்டுமே காரணமாக இருக்கும் லேசான உயர்வுக்கு, உணவும் ஓட்டமும் முதலில். சிறுநீரக நோய், சர்க்கரை நோய், அறிகுறிகள் இருப்பது, இரண்டாம் கட்ட உயர்வு போன்றவற்றில் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

‘நார்மல்’ என்று அச்சிட்ட கிரியேட்டினினை நம்பாதீர்கள்

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம்; சிறுநீரில் புரதம்; சிறுநீரக அல்ட்ராசவுண்ட்; அன்றைய எடை, அன்றைய உயரம். உயரத்தை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், அது இல்லாமல் கிரியேட்டினினுக்கு அர்த்தமே இல்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. குழந்தைக்குத் தசை குறைவு, அதனால் அதன் இயல்பான எண்ணும் குறைவு. பள்ளி செல்லும் முன் வயதில் 0.3, 0.4 என்றுதான் இருக்கும். ஆனால் பல ஆய்வகங்கள் பெரியவர்களுக்கான எல்லையையே எல்லா அறிக்கையிலும் அச்சிடுகின்றன. நான்கு வயது, 100 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு 0.9 என்று வந்தால் பக்கத்தில் சிவப்புக் குறி எதுவும் இருக்காது. கணக்குப் போட்டால்தான் தெரியும், அந்தச் சிறுநீரகம் பாதித் திறனில் ஓடுகிறது என்று. கணக்கு இதுதான்:

```
eGFR = 0.413 × உயரம் (செ.மீ.) ÷ கிரியேட்டினின் (மி.கி./டெ.லி.)

0.413 × 100 ÷ 0.9 = 46
```

விடைதான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்; 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்று வரும். 90-க்கு மேல் இயல்பு. ஆய்வகம் மைக்ரோமோலில் அறிக்கை தந்தால் 88.4-ஆல் வகுத்துவிட்டுக் கணக்கில் போடுங்கள்.

இந்தச் சூத்திரம் ‘படுக்கையோர ஷ்வார்ட்ஸ்’ என்று அழைக்கப்படுகிறது, 2009-இல் வந்தது. இதற்கு எல்லைகள் உண்டு. கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது விடை பொய். தசை மெலிந்த, நெடுநாள் படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டிவிடும். ஒரு வயதுக்குள் உள்ள சிசுவுக்கு இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எது யாருக்கு

இரண்டு மருந்துகளும் வேலை செய்யும் இடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொண்டால் தேர்வு தானாக வரும். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒரு நுண்குழாய். உடலில் சுரக்கும் ஆஞ்சியோடென்சின் வெளிக்குழாயை இறுக்கிப் பிடித்து, வடிகட்டிக்குள் அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. எனாலாப்ரில் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. உள்ளழுத்தம் இறங்குவதால் புரதம் ஒழுகுவது குறையும். நெடுநாளில் வடிகட்டி தேய்வதும் குறையும். அதே காரணத்தால் வடிகட்டும் வேகமும் கொஞ்சம் இறங்கி, கிரியேட்டினின் சற்று ஏறும். நன்மையும் பக்கவிளைவும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள்.

அம்லோடிபின் உடல் முழுக்கத் தமனிகளை விரிக்கிறது. சிறுநீரகத்தில் உள்குழாயைத்தான் அதிகம் விரிக்கும். கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் அது தொந்தரவு செய்வதில்லை. கல்லீரலில் கரைவதால் சிறுநீரகம் பழுதாக இருந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் புரதம் ஒழுகும் சிறுநீரகத்தை அது தனியாகக் காப்பாற்றாது.

ஆகவே நாள்பட்ட சிறுநீரக நோய், சிறுநீரில் புரதம், சிறுநீரகத் தழும்பு, சர்க்கரை நோய் இருந்தால் எனாலாப்ரில் முதலில். காரணம் இன்னும் தெரியாதபோதும், பொட்டாசியம் ஏற்கெனவே கூடியிருக்கும்போதும், கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போதும், அடுத்த வாரம் ரத்தம் எடுக்க வழியே இல்லாத குடும்பத்துக்கும் அம்லோடிபின் முதலில். கடைசியாகச் சொன்னது பாடப்புத்தகக் காரணம் அல்ல. ஆனாலும் அது முழுமையான காரணம்தான். கண்காணிக்க முடியாத எனாலாப்ரிலைவிடக் கண்காணிப்பு அதிகம் தேவைப்படாத அம்லோடிபின் மேல். தொண்டைப் புண்ணுக்கோ தோல் புண்ணுக்கோ பிறகு முகம் வீங்கி, சிறுநீர் சிவந்து பி.பி. ஏறும் திடீர் சிறுநீரக அழற்சியும் இந்தப் பட்டியலில் சேரும். அங்கே உப்பும் நீரும் தேங்கியிருப்பதே பிரச்சினை. ஃப்யூரோசிமைடு என்ற நீர்மாத்திரையும், தேவைப்பட்டால் அம்லோடிபினும் போதும்.

எனாலாப்ரில் கொடுக்கவே கூடாத இடங்கள் நான்கு. இரு சிறுநீரகத் தமனிகளும், அல்லது ஒரே சிறுநீரகம் உள்ள குழந்தையின் ஒற்றைத் தமனியும் குறுகியிருப்பது முதலாவது. குறுகலுக்கு அப்பால் வடிகட்டுதல் முழுக்க அந்த வெளிக்குழாய் இறுக்கத்தை நம்பியே நடக்கிறது. அதைத் தளர்த்தினால் சிறுநீரே நின்றுபோகலாம். சின்ன வயதில் மிக உயர்ந்த பி.பி., வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இரைச்சல், காரணமின்றிக் குறைந்த பொட்டாசியம், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான சிறுநீரகங்கள், தோலில் பழுப்பு நிறத் திட்டுகள் ஆகியவை இந்தச் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்ட் நன்றாக இருந்தது என்பதால் மட்டும் குறுகல் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது கர்ப்பம். பூப்பெய்திய பெண்ணுக்கு இந்த மாத்திரை கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதைத் தனியாக உட்காரவைத்து நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. மூன்றாவது, இந்த வகை மருந்தால் முன்பு உதடும் நாக்கும் வீங்கியிருப்பது. நான்காவது, ஒரு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளம் சிசு. இவை போக, வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருந்தால் குழந்தைச் சிறுநீரக நிபுணரின் நேரடிப் பார்வை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

எனாலாப்ரில்: தொடக்க அளவு

ஒரு கிலோவுக்கு 0.08 மி.கி., நாளுக்கு ஒரு முறை. எடை எவ்வளவு இருந்தாலும் முதல் டோஸ் 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 80 கிலோ எடையுள்ள பதினைந்து வயதுப் பையனுக்குக் கணக்கு 6.4 என்று சொல்லும், கொடுப்பது 5. பிறகு தேவைக்கேற்ப, இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேகமில்லாமல் கூட்டிக்கொண்டு போகலாம். மேல் எல்லை நாளுக்குக் கிலோவுக்கு 0.6 மி.கி., மொத்தம் 40 மி.கி. அளவு கூடும்போது சில குழந்தைகளுக்கு மாலையில் பி.பி. மறுபடி ஏறும். அப்போது நாள் அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

வடிகட்டும் திறன் 30-க்கும் 60-க்கும் இடையே இருந்தால் மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்கும், ஏனென்றால் அதன் செயல்படும் வடிவம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பாதி அளவில் தொடங்கி, ஒரு வாரத்துக்குள்ளேயே ரத்தம் பார்ப்பது நல்லது. ஃப்யூரோசிமைடு போன்ற நீர்மாத்திரையில் இருக்கும் குழந்தைக்கும் அதே எச்சரிக்கை: உப்பும் நீரும் வற்றிய உடலில் முதல் டோஸ் பி.பி.யைத் தடாலென்று இறக்கும். விழுங்கிய பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இறக்கம் அதிகம் தெரியும் என்பதால், முதல் டோஸை அந்த நேரம் யாராவது கூடவே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

இனி ஒரு பையனைக் கூடவே அழைத்துக்கொண்டு போவோம். ஏழு வயது, 20 கிலோ, 118 செ.மீ. சின்ன வயதில் சிறுநீர் மேலேறிப் பாய்ந்து அடிக்கடி தொற்று வந்ததில் வலது சிறுநீரகம் தழும்பேறியது. மூன்று வருகையிலும் பி.பி. சுமார் 118/78, அவன் வயது, உயரத்துக்கு 95-ஆம் சதமானத்துக்கு மேல். கிரியேட்டினின் 0.7, பொட்டாசியம் 4.4. சிறுநீரில் புரத–கிரியேட்டினின் விகிதம் 0.9, இருக்க வேண்டியது 0.2-க்குக் கீழ். வடிகட்டும் திறன் 0.413 × 118 ÷ 0.7, அதாவது 70. புரதம் ஒழுகும், தழும்பேறிய சிறுநீரகம், எனாலாப்ரிலுக்கான குழந்தை.

20 × 0.08 = 1.6 மி.கி. ஆனால் கடையில் 1.6 மி.கி. மாத்திரை இல்லை. மி.லி.க்கு 1 மி.கி. திரவ மருந்து கிடைத்தால் 1.6 மி.லி. கொடுத்தால் முடிந்தது. கிடைக்காத இடத்தில் 2.5 மி.கி. மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதே வழி. பத்து மி.லி. சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, மாத்திரையை உள்ளே போட்டு, தண்டை மாட்டி, 5 மி.லி. தண்ணீர் உறிஞ்சி, நுனியை மூடி, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். மருந்து கரைந்துவிடும், மாத்திரையின் மாவுப்பொருள் மட்டும் வெண்மையாகக் கலங்கி நிற்கும், அது இயல்புதான். இப்போது ஒரு மி.லி.யில் 0.5 மி.கி. இருக்கிறது. 1.6 மி.கி. வேண்டுமென்றால் 3.2 மி.லி. வாயில் கொடுத்துவிட்டு மீதி 1.8 மி.லி.யைக் கொட்டிவிட வேண்டும். நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. வீட்டுத் தண்ணீரில் கரைத்தது எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இங்கே நடக்கும் பெரிய தவறு பத்து மடங்குத் தவறு. 0.08 என்பதை 0.8 என்று படித்தால் 16 மி.கி. ஆகிவிடும். சீட்டில் புள்ளி மங்கினாலும் அதே 16 தான். இன்னொரு தவறு, மி.கி.யையும் மி.லி.யையும் மாற்றிக்கொள்வது. மாத்திரை கரைத்துக் கொடுத்துப் பழகிய அம்மாவுக்கு அடுத்த மாதம் ஆயத்த திரவம் கிடைத்தால், அவர் பழக்கத்தில் 3.2 மி.லி. எடுப்பார். இப்போது அது இரண்டு மடங்கு. அதனால் சீட்டில் மூன்றையும் எழுதுங்கள்: ‘1.6 மி.கி. = மி.லி.க்கு 0.5 மி.கி. கரைசலில் 3.2 மி.லி., காலை ஒரு வேளை’. முதல் முறை சிரிஞ்சில் அந்தக் கோடு வரை அவரையே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அம்லோடிபின்: தொடக்க அளவு

ஒன்று முதல் ஐந்து வயது வரை கிலோவுக்கு 0.1 மி.கி., நாளுக்கு ஒரு முறை. ஆறு வயதிலிருந்து 2.5 மி.கி. என்ற நேரான தொடக்கம். ஆறு வயதாகியும் 14, 15 கிலோவே இருக்கும் மெலிந்த குழந்தைக்கு மட்டும் வயதை விட்டுவிட்டு எடைப்படியே தொடங்குவது நியாயம். மேல் எல்லை ஐந்து வயது வரை நாளுக்குக் கிலோவுக்கு 0.6 மி.கி., மொத்தம் 5 மி.கி. ஆறு வயதுக்கு மேல் 10 மி.கி. வரை போகலாம் என்றாலும், 5-ஐத் தாண்டும் முன் நிபுணரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

12 கிலோ எடையுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு 1.2 மி.கி.; 2.5 மி.கி. மாத்திரையில் பாதி 1.25. கோடு போடாத மாத்திரையைக் கத்தியால் வெட்டினால் இரண்டு பாதியும் சமமாக இருக்காதே என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். அம்லோடிபினில் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் மருந்து இது. இன்று பெரிய பாதி, நாளை சின்ன பாதி என்றால் ரத்தத்தில் சராசரியாகிவிடும். வெட்டிய மறு பாதியை வெளிச்சம் படாமல் மூடி வைத்து அடுத்த நாளே கொடுத்துவிடுங்கள்.

அந்த நீண்ட ஆயுளுக்கு மறுபக்கமும் உண்டு. மருந்து முழு அளவில் நிலைபெற ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் பி.பி. பார்த்து ‘இறங்கவில்லையே’ என்று இரட்டிப்பாக்கினால், பத்தாம் நாள் அந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்து இறங்கும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் காத்திருங்கள்.

பக்கவிளைவுகளில் தலைவலி, முகம் சிவப்பது, கணுக்கால் வீக்கம், நாளடைவில் ஈறு தடிப்பது ஆகியவை உண்டு. கணுக்கால் வீக்கம் நீர் தேங்கியதால் வருவதல்ல. தமனி விரிந்து கசிவதால் வருவது. நீர்மாத்திரை கொடுத்தால் வற்றாது, அளவைக் குறைத்தால் வற்றும். ஆனால் சிறுநீரில் புரதம் போகும் குழந்தைக்குக் கால் வீங்கினால், மருந்தின் மேல் பழி போடும் முன் அன்றே சிறுநீரில் புரதம் பாருங்கள். இமையும் சேர்ந்து வீங்கியிருந்தால் அநேகமாக நோய் திரும்பியிருக்கிறது. சைக்ளோஸ்போரின் சாப்பிடும் குழந்தைக்கு ஈறு தடிப்பு இரண்டு மருந்தாலும் கூடும். கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் அம்லோடிபினின் அளவு ரத்தத்தில் ஏறி பி.பி. அதிகம் இறங்கலாம்.

சிறுநீரகத்துக்காக அம்லோடிபினில் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. எடுக்கிறோம் என்றால் அது நோயைப் பார்க்க.

பத்தாம் நாள் ரத்தம்

எனாலாப்ரில் தொடங்கிய 7 முதல் 14 நாளுக்குள் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகும் அதே இடைவெளியில் மறுபடி. நிலையான பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

நம் பையனுக்குப் பத்தாம் நாள் கிரியேட்டினின் 0.85, பொட்டாசியம் 5.0, பி.பி. 112/74. கிரியேட்டினின் ஏறிவிட்டதே என்று மருந்தை நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. நிறுத்தக் கூடாது. 0.7-இலிருந்து 0.15 ஏறியது 21 சதவீதம். 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால், அது வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கியதன் அடையாளம்; மருந்து வேலை செய்கிறது. அவனுக்கு அந்த எல்லை 0.91. தாண்டியிருந்தால் அளவைப் பாதியாக்கி, வாந்தி பேதி உண்டா, வலி மாத்திரை கொடுத்தார்களா என்று விசாரித்து, ஒரு வாரத்துக்குள் மறுபடி எடுப்போம். ஒன்றரை மடங்கைத் தொட்டால் மருந்தை நிறுத்திவிட்டு, சிறுநீரகத் தமனி குறுகலைத் தேட வேண்டும்.

சதவீதக் கணக்கு சின்னக் குழந்தையிடம் ஏமாற்றும். 0.3 என்பது 0.4 ஆனால் 33 சதவீதம். ஆனால் ஆய்வகக் கருவி ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே அந்த வித்தியாசம் வரலாம். இப்படிப்பட்ட எண்ணில் பொட்டாசியமும் குழந்தையும் நன்றாக இருந்தால், மருந்தைத் தொடாமல் சில நாளில் அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். ஆய்வகத்தை மாற்றினால் ஒப்பீடே கெட்டுவிடும்.

பொட்டாசியத்தில் 5.5 வரை தொடரலாம். 5.5-க்கும் 6-க்கும் இடையே என்றால் அளவைக் குறைத்து, காரணம் தேடி, சில நாளில் மறுபடி. 6-ஐத் தொட்டால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை, அன்றே ஈ.சி.ஜி. இதில் ஒரு பொய் எண் உண்டு. அழுது திமிறும் குழந்தையின் கையை இறுகக் கட்டி, மெல்லிய ஊசியில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அறிக்கையில் ‘சிவப்பணு சிதைந்த மாதிரி’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டில்லாமல், தாராளமாக வரும் நரம்பில் உடனே மறுபடி எடுக்க வேண்டும். பொய் எண்ணாக இருக்கும் என்று அனுமானித்து அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது ஆபத்து. ஈ.சி.ஜி. எடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் நிம்மதியாகக் கழியும்.

உண்மையாகவே ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இன்னொரு மருந்து. ஸ்பைரோனோலாக்டோன், பொட்டாசியம் சிரப், டாக்ரோலிமஸ் இவை எல்லாருக்கும் நினைவு வரும். மறந்துபோவது கோட்ரைமாக்சசோல். சிறுநீர்த் தொற்று வராமல் தடுக்க இரவில் ஒரு வேளை கொடுக்கிறார்களே, அதேதான். அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் பொட்டாசியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்துவைக்கும். நம் பையனைப் போன்ற குழந்தைகள்தான் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் அவனுக்கு 2.5 மி.கி. ஆக்கலாம், கிலோவுக்கு 0.125. ஒரு முழு மாத்திரை, சிரிஞ்ச் தொல்லை விட்டது. பத்து நாளில் கிரியேட்டினின் 0.84, பொட்டாசியம் 4.9, ஏறிய இடத்திலேயே நிற்கிறது. பிறகு 5 மி.கி. அதிலும் எண்கள் அசையவில்லை. புரத விகிதம் 0.9-இலிருந்து 0.4-க்கு இறங்கியிருக்கிறது. சிறுநீரக நோயில் இலக்கு வெறும் 90-ஆம் சதமானம் அல்ல. 24 மணி நேரக் கருவியில் சராசரி அழுத்தம் 50-ஆம் சதமானத்தைத் தொட வேண்டும். அதுவரை போகலாம்.

வாந்தி பேதி வந்த நாள்

நான்காம் மாதம் அவனுக்கு வயிற்றுப்போக்கு. நாளுக்கு எட்டு முறை, வாந்தி வேறு. பி.பி. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று யாரோ அழுத்திச் சொல்லியிருந்ததால், அம்மா அதை மட்டும் தவறாமல் கொடுத்துவந்தார். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபனும் இரண்டு வேளை. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து சோர்ந்து வந்தபோது கிரியேட்டினின் 1.4, பொட்டாசியம் 5.9.

நடந்தது இதுதான். நீர் வற்றியதால் வடிகட்டிக்கு வரும் ரத்தம் குறைந்தது. உள்குழாயைத் திறந்து வைக்கும் வேலையை உடலின் புரோஸ்டாகிளாண்டின் செய்யும். ஐபுப்ரோஃபன் அதை நிறுத்தியது. வெளிக்குழாயை இறுக்கி அழுத்தத்தைக் காக்கும் வேலையை ஆஞ்சியோடென்சின் செய்யும். எனாலாப்ரில் அதையும் நிறுத்தியது. இரண்டு தற்காப்பும் ஒரே நாளில் போனால் நல்ல சிறுநீரகமே தடுமாறும்.

ஆகவே சீட்டு கொடுக்கும் அன்றே இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்: வாந்தி, பேதி, அல்லது தண்ணீர்கூடக் குடிக்க முடியாத காய்ச்சல் வந்தால் எனாலாப்ரிலை அன்றே நிறுத்தி, மருத்துவரை அழைக்க வேண்டும், 24 முதல் 48 மணி நேரம் இயல்பாகச் சாப்பிட்டுக் குடித்துச் சிறுநீர் போன பிறகே திரும்பத் தொடங்க வேண்டும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபன் வகை ஒருபோதும் வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசலில் பொட்டாசியம் இருக்கிறதே என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். நீர்தான் முதல் மருந்து. அறுவை சிகிச்சைக்குப் பட்டினி இருக்கும் நாளிலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் எனாலாப்ரில் பற்றிச் சொல்லி, முந்தைய டோஸைக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பையனுக்கு இரண்டு மருந்தையும் நிறுத்தி, நரம்பு வழி நீர் ஏற்றி, நான்கு மணி நேரத்தில் சிறுநீர் வந்தது. மறுநாள் பொட்டாசியம் 4.8. ஐந்தாம் நாள் கிரியேட்டினின் 0.86, அதாவது மருந்தில் இருக்கும்போது அவனுடைய வழக்கமான எண். அப்போதுதான் எனாலாப்ரில், பழைய 5 அல்ல, 2.5 மி.கி. யில் திரும்பத் தொடங்கியது. ஒரு வாரத்தில் ரத்தம் பார்த்த பிறகு 5. பி.பி. இன்னும் இலக்குக்கு மேலேயே நின்றதால், எனாலாப்ரிலை மேலும் ஏற்றுவதற்குப் பதில் அதனோடு அம்லோடிபின் 2.5 மி.கி. சேர்த்தார்கள். வெளிக்குழாயை ஒன்று தளர்த்தியிருக்கும்போது உள்குழாயை மற்றொன்று விரிப்பதில் வடிகட்டிக்குப் பாதகமில்லை. அடுத்த நோய் நாளில் எது நிற்க வேண்டும், எது தொடரலாம் என்று குழம்பாமல் இருக்க, இரண்டு மாத்திரைப் பட்டையிலும் தனித்தனியே எழுதி ஒட்டியாயிற்று: எனாலாப்ரிலில் ‘பேதி வந்தால் நிறுத்து’, அம்லோடிபினில் ‘பேதி வந்தால் பி.பி. பார்த்துவிட்டுக் கேள்’.